12,400 மூடையும் சரி, ஆனால் யாருடைய நெல்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலை. குடும்பத்தார் சேர்ந்து நடத்தும் பிரைவட் லிமிடெட் கம்பனி. பெயரும் சரியான இடமும் வேண்டாம். ஆளை அடையாளம் கண்டுகொள்ள முடியாதபடியும் கணக்கு எளிதாக இருக்கும்படியும் எண்களை மாற்றியிருக்கிறேன். நடந்தது மட்டும் நடந்தபடியே இருக்கிறது.

ஒரே ஆலை, ஒரே மார்ச் 31, ஒரே நெல் இருப்பு. நாலு மாதத்துக்குள் அந்த இருப்பை மூன்று விதமான பணிகள் தொட்டன. வங்கிக்காக ஓர் உடன்பட்ட நடைமுறைப் பணி, கனடாவில் இருக்கும் தம்பிக்காக ஒரு மீளாய்வு, கம்பனிச் சட்டத்துக்காக ஒரு கணக்காய்வு. ஊரில் மூன்றுக்கும் ஒரே பெயர்தான், “ஓடிட்”. ஆலைக்காரரும் முதலில் கணக்காளரான என்னிடம் அப்படித்தான் கேட்டார். “தம்பி, பாங்குக்கு ஓடிட் ரிப்போட் ஒண்டு குடுத்திட்டன். அதையே இதுக்கும் பாவிக்கேலாதா?” என்றார். ஏன் முடியாது என்பதை அந்த நெல்லை வைத்தே சொல்லலாம்.

முதலில் கணக்கு

நம் பக்கத்தில் பெரும்போக அறுவடை தை மாதக் கடைசியிலிருந்து பங்குனி வரை இழுபடும். எனவே மார்ச் 31 இல் ஆண்டுக் கணக்கை மூடும் ஆலைக்கு, வருடத்திலேயே களஞ்சியம் நிரம்பி வழியும் நாளும் கணக்கு முடிக்கும் நாளும் கிட்டத்தட்ட ஒன்று. இருப்பில் வரும் பிழை முழுவதும் இலாபத்தில் போய் விழும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

அந்த நாளில் ஆலைக் கணக்கு காட்டியது இது. 50 கிலோ மூடை 12,400, அதாவது 620 தொன் நெல். கிலோ 95 ரூபாய் கிரயத்தில் 5 கோடி 89 இலட்சம். ஆண்டு விற்பனை 31 கோடி, மொத்த இலாபம் 20 சதவீதம், செலவெல்லாம் போய் நிகர இலாபம் சுமார் 1 கோடி.

வங்கிக்கு வேண்டியிருந்தது

மேலதிகப்பற்று எல்லையை உயர்த்தச் சொல்லி ஆலைக்காரர் விண்ணப்பித்திருந்தார். இருப்பை யாராவது வெளியாள் ஒருவர் பார்த்து எழுதித் தர வேண்டும் என்று வங்கி கேட்டது. நகரத்தில் இருக்கும் ஒரு கணக்காளர் அந்தப் பணியை எடுத்தார். என்ன செய்ய வேண்டும் என்பதை வங்கியே மூன்று வரியில் எழுதிக் கொடுத்தது: மார்ச் 31 அன்று இரண்டு களஞ்சியங்களிலும் உள்ள மூடைகளை எண்ணி இருப்புப் புத்தகத்துடன் ஒப்பிடுக, அந்த மாதத்தின் மிகப் பெரிய 25 கொள்வனவுக் கொடுப்பனவு வவுச்சர்களை எடுத்து லொறித் தராசுச் சீட்டுடன் ஒப்பிடுக, கடன்பட்டோர் பட்டியலின் கூட்டுத்தொகையைப் பேரேட்டுடன் ஒப்பிடுக.

அவர் எண்ணினார். 12,400 மூடை. புத்தகத்திலும் 12,400. 25 வவுச்சருக்கும் சீட்டு இருந்தது, எடை பொருந்தியது. கூட்டுத்தொகையும் பொருந்தியது. ஒவ்வொரு நடைமுறைக்கும் எதிரே “விலகல் எதுவும் காணப்படவில்லை” என்று எழுதிக் கொடுத்தார். வங்கி எல்லையை உயர்த்தியது.

அந்த அறிக்கையில் ஒரு பிழையும் இல்லை. நான் பிறகு அதை வரி வரியாக வாசித்தேன். சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அதே நேரம், எண்ணிய மூடைகளில் 2,200 மூடை ஆலைக்குச் சொந்தமே இல்லை. ஒரு வியாபாரி கூலிக்கு அரைத்துத் தரச் சொல்லி இறக்கிவைத்த நெல் அது.

உடன்பட்ட நடைமுறைப் பணியின் இயல்பே இதுதான். அதில் உறுதிப்பாடு என்று எதுவும் கிடையாது. கேட்டவர் சொன்ன வேலையைச் செய்து, கண்டதைக் கண்டபடி எழுதுவதோடு அது முடிகிறது. இருப்பு சரியா, கணக்கு நம்பத்தக்கதா என்று கணக்காளர் ஒரு முடிவும் சொல்வதில்லை. சொல்லவும் கூடாது. இதை நெறிப்படுத்தும் 4400 ஆம் இலக்க நியமத்தின் திருத்திய வடிவம் சர்வதேச அளவில் 2022 ஜனவரி 1 முதல் ஒப்புக்கொள்ளும் பணிகளுக்குப் பொருந்துகிறது. அதன்படி இது உறுதிப்பாட்டுப் பணி அல்ல, அபிப்பிராயமோ முடிவோ தரப்படவில்லை என்று அறிக்கையிலேயே எழுத வேண்டும். நடைமுறைகள் தன் நோக்கத்துக்குப் பொருத்தமானவை என்று பணியைக் கொடுத்தவர் ஏற்றுக்கொண்டதையும் எழுத வேண்டும். அந்த வரிகள் வங்கிக்குப் போன அறிக்கையிலும் இருந்தன. முதல் பக்கத்தின் கீழ்ப் பாதியில் இருந்தன, யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

வங்கி எழுதிய இரண்டாவது வரியைக் கொஞ்சம் கிட்டப் பார்க்க வேண்டும். வவுச்சரை எடுத்துத் தராசுச் சீட்டைத் தேடினால், காசு கொடுத்த நெல் உண்மையில் வந்ததா என்பது தெரியும். அது நல்ல கேள்விதான். ஆனால் ஆலையில் இருக்கும் நெல்லுக்கெல்லாம் காசு கொடுக்கப்பட்டதா என்பது தெரியாது. அதற்குத் தராசுச் சீட்டில் தொடங்கி வவுச்சரைத் தேட வேண்டும். வியாபாரியின் நெல்லுக்குத் தராசுச் சீட்டு இருக்கிறது, வவுச்சர் இல்லை. வவுச்சரிலிருந்து புறப்படுகிறவர் அந்த நெல்லை ஒருநாளும் சந்திக்கமாட்டார். 25 இல்லை, 2,500 வவுச்சர் பார்த்தாலும் அப்படித்தான்.

எண்ணிய கணக்காளருக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர் கண்ணில் பட்டிருந்தால் கதை வேறு. தவறான வழியில் இட்டுச்செல்லும் தகவல் என்று தெரிந்துகொண்டே அதோடு தன் பெயரைச் சேர்க்க ஒரு கணக்காளருக்கு எந்தப் பணியிலும் நெறிமுறைக் கோவை இடம் கொடுப்பதில்லை. ஆனால் தேடிப் பார்க்கும் கடமை அவருக்கு இருக்கவில்லை. மூடையில் யாருடைய பெயரும் எழுதியிருக்கவுமில்லை.

தம்பி கேட்டது

மே மாதம் கனடாவிலிருக்கும் தம்பி ஆலையில் பணம் போட முன்வந்தார். அண்ணனிடம் நம்பிக்கை உண்டு, ஆனாலும் கணக்கை ஒரு வெளியாள் பார்க்க வேண்டும் என்றார். முழுக் கணக்காய்வு முடிய ஓகஸ்ட் ஆகிவிடும், அவ்வளவு காலம் பொறுக்க முடியாது. அந்த நிலையில் மீளாய்வு பொருத்தமாக இருந்தது. அந்தப் பணி எங்களிடம் வந்தது.

மீளாய்வை 2400 ஆம் இலக்க நியமம் ஆள்கிறது. இதில் கிடைப்பது மட்டுப்படுத்தப்பட்ட உறுதிப்பாடு. வேலை பெரும்பாலும் இரண்டு விதம்: நிர்வாகத்தைக் கேள்வி கேட்பது, எண்களை ஒன்றோடொன்று வைத்துப் பகுப்பாய்வது. களஞ்சியத்துக்குப் போய் எண்ணுவதோ, வியாபாரிக்குக் கடிதம் எழுதிக் கேட்பதோ, வவுச்சர்களை மாதிரி எடுத்துப் பார்ப்பதோ இதன் வழக்கமான பகுதியல்ல. ஒன்றை மட்டும் பலர் தவறாக நினைக்கிறார்கள். மீளாய்வு இலேசான வேலை, ஆகவே பெரிய பிழை மட்டும் அதற்குப் பொருட்டு என்பார்கள். பொருண்மை மட்டம் மீளாய்வுக்கும் கணக்காய்வுக்கும் ஒன்றுதான். கணக்கை வாசிப்பவரின் முடிவை எந்த அளவு பிழை மாற்றும் என்பதுதான் அளவுகோல், நாங்கள் எவ்வளவு வேலை செய்கிறோம் என்பது அல்ல. இந்த ஆலைக்கு நாங்கள் 25 இலட்சம் என்று வைத்தோம். பிறகு கணக்காய்விலும் அதே 25 இலட்சம்தான்.

எண்களைப் பார்த்தபோது முதலில் உறுத்தியது மொத்த இலாபம். போன வருடம் 17.5 சதவீதம், இந்த வருடம் 20. விலை ஏறியது, நல்ல பேரம் கிடைத்தது என்று எதையாவது சொல்லிவிடலாம். ஆகவே ரூபாயை விட்டுவிட்டுத் தொன்னுக்குப் போனோம். ஆரம்ப இருப்பு 210 தொன் நெல். கணக்கின்படி வாங்கியது 3,020 தொன். கடைசியில் மிச்சம் 620. அப்படியானால் ஆலையில் போட்டு அரைத்தது 2,610 தொன். விற்ற அரிசி 1,750 தொன், அரிசி இருப்பில் பெரிய மாற்றமில்லை. அரைத்த நெல்லில் 67 சதவீதம் அரிசியாக வந்திருக்கிறது. போன வருடம் 65 சதவீதம்.

இரண்டு சதவீதம் என்றால் கேட்பவருக்குச் சின்னதாகத் தோன்றும். ஆலைக்காரரைக் கேளுங்கள், ஒரே இயந்திரத்தில் அவ்வளவு கூடுவது எளிதல்ல என்பார். எங்கள் ஆலைக்காரரிடமும் கேட்டோம். “புது ரப்பர் உருளை போட்டம், குருணை குறைஞ்சது” என்றார். உருளை வாங்கிய பில்லைக் கேட்டோம். பெப்ரவரி மாதத்து பில். ஆண்டின் கடைசி ஒன்றரை மாதத்தில் மாட்டிய உருளை பன்னிரண்டு மாதச் சராசரியை அவ்வளவு தூக்காது.

மீளாய்வில் இந்த இடம் முக்கியமானது. கேள்விக்குக் கிடைத்த பதில் எண்ணோடு ஒட்டவில்லை என்றால், ‘இது மீளாய்வுதானே’ என்று நகர முடியாது. கணக்கில் பொருண்மையான பிழை இருக்கலாம் என்று நம்ப வைக்கும் விஷயம் கண்ணில் பட்டால், அந்த விஷயத்தில் மட்டும் மேலதிக வேலை செய்தே ஆக வேண்டும். பிழை இருக்கச் சாத்தியமில்லை என்றோ, பிழை இருக்கிறது என்றோ முடிவுக்கு வரும்வரை செய்ய வேண்டும். நாங்கள் கூலி அரைப்புப் புத்தகத்தைக் கேட்டோம். மார்ச் மாதத்தில் ஒரு வியாபாரியின் 1,600 மூடை இறங்கியிருக்கிறது, மாத முடிவில் அரைபடாமல் இருந்திருக்கிறது. இருப்புப் புத்தகமோ களஞ்சியத்தில் உள்ளதையெல்லாம் ஒரே வரிசையில் எழுதுகிறது. களஞ்சியக்காரருக்கு மூடை மூடைதான். கணக்கு எழுதுபவர் கடைசி எண்ணை எடுத்து 95 ஆல் பெருக்கியிருக்கிறார்.

80 தொன், 76 இலட்சம் ரூபாய். ஆலைக்காரர் மறுக்கவில்லை, கணக்கைத் திருத்தினார். இலாபம் 1 கோடியிலிருந்து 24 இலட்சமானது. இருப்பு 540 தொன் என்றால் அரைத்தது 2,690 தொன், அரிசி வீதம் 65. மொத்த இலாபம் 17.5. இரண்டும் போன வருடத்தோடு ஒட்டிவிட்டன. கேள்விக்குப் பதில் கிடைத்தது, மேலதிக வேலையை அத்தோடு நிறுத்தினோம். கணக்குகள் பொருண்மையான எல்லா விடயங்களிலும் நியமத்துக்கு ஏற்பத் தயாரிக்கப்படவில்லை என்று எங்களை நம்பவைக்கும் எதுவும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை என்று எழுதினோம்.

சுற்றிவளைத்து எழுதிய வாக்கியம் போலத் தெரியும். ஆனால் அதுதான் சரியான அளவு. கணக்கு சரி என்று நாங்கள் சொல்லவில்லை. பார்த்த அளவில், தவறு என்று சொல்ல வைக்கும் எதுவும் வரவில்லை என்கிறோம். தம்பிக்கு இதைத் தொலைபேசியில் விளக்கினேன். அவர் பாதிப் பணத்தை அனுப்பினார், மீதியைக் கணக்காய்வு முடிந்ததும் தருவதாகச் சொன்னார். அவர் கணக்குப் படித்தவர் அல்ல, ஆனாலும் அந்த வாக்கியத்தை வங்கியைவிட நன்றாக வாசித்தார்.

கணக்காய்வு

2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க கம்பனிகள் சட்டத்தின் கீழ் வரும் கணக்காய்வையும் எங்களிடமே தந்தார்கள். ஆனால் நியமனம் ஜூனில்தான் வந்தது. இருப்பு பொருண்மையானதாக இருந்தால் எண்ணும்போது கணக்காய்வாளர் நேரில் நிற்க வேண்டும் என்று 501 ஆம் இலக்க நியமம் சொல்கிறது. மார்ச் 31 போய்விட்டது. அப்படிப்பட்ட நிலையில் வேறொரு நாளில் எண்ணி, இடையில் வந்ததையும் போனதையும் கூட்டிக் கழித்து ஆண்டு முடிவுக்குத் திரும்பிப் போக வேண்டும். ஜூலையில் எண்ணினோம். தராசுப் புத்தகத்தையும் அரைப்புப் பதிவையும் பிடித்துப் பின்னால் போனோம். 12,400 க்கு இருபது மூடை வித்தியாசத்தில் வந்து நின்றது. மூடை எண்ணிக்கை எந்தக் கட்டத்திலும் பிழையாக இருக்கவில்லை.

பிறகு மீளாய்வில் செய்யாத ஒன்றைச் செய்தோம். இருப்புப் புத்தகத்தின் வரவுப் பக்கத்தை வருடம் முழுவதற்கும் கூட்டினோம். 62,600 மூடை, அதாவது 3,130 தொன். கொள்வனவுப் பேரேட்டில் 3,020 தொன். 110 தொன் வித்தியாசம். அதில் 80 தொன் ஏற்கனவே தெரிந்தது. மீதி 30 தொன் எங்கே?

தராசுச் சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் வவுச்சர் தேடினோம். இம்முறை சீட்டிலிருந்து வவுச்சருக்கு. பெப்ரவரி இரண்டாம் வாரத்தில் ஐந்து சீட்டு வவுச்சர் இல்லாமல் நின்றன, ஒவ்வொன்றும் 120 மூடை லொறி. விற்பவரின் பெயர் எழுதும் இடம் வெறுமை, லொறி இலக்கம் மட்டும் இருந்தது. மார்ச்சில் வந்த 1,600 மூடையைக் கொண்டுவந்த லொறிகளில் ஒன்றின் இலக்கமும் அதுவே. கூலி அரைப்புப் புத்தகத்தில் இந்த 600 மூடை எழுதப்படவில்லை.

ஆலைக்காரரின் விளக்கம், “அது நாங்க வாங்கினது, காசு குடுக்க இருக்கு” என்பது. அப்படியானால் கடன்கொடுத்தோர் பட்டியலில் இருக்க வேண்டும், இல்லை. இந்த இடத்தில் வாய்மொழி போதாது. 505 ஆம் இலக்க நியமத்தின்படி வியாபாரிக்கு நாங்களே கடிதம் எழுதினோம். மார்ச் 31 இல் இந்த ஆலையில் உங்களுக்குச் சொந்தமான நெல் எவ்வளவு என்று மட்டும் கேட்டோம், எண்ணைக் குறிப்பிடவில்லை. எண்ணைப் போட்டுக் கேட்டால் பலர் வாசிக்காமலே கையொப்பம் வைத்துவிடுவார்கள். பதில் நேரடியாக எங்கள் அலுவலகத்துக்கு வரும்படி ஏற்பாடு செய்தோம். ஆலை வழியாக வரும் பதிலுக்கு அந்தப் பெறுமதி கிடையாது. கடிதம் வந்தது: 2,200 மூடை.

30 தொன், 28 இலட்சத்து 50 ஆயிரம். 24 இலட்சம் இலாபம் நாலரை இலட்சம் நட்டமாக மாறியது. உண்மையில் அரைத்தது 2,720 தொன், அரிசி வீதம் 64.3. அந்த வருடம் அறுவடை நேரத்தில் பெய்த மழையில் ஈர நெல் வந்தது, வீதம் குறைந்தது இயல்பு. மீளாய்வில் 65 என்று வந்தபோது எல்லாம் பொருந்தியதாகத் தெரிந்ததற்குக் காரணம், குறைந்த வீதத்தை மிச்சமிருந்த பிழை மறைத்துக்கொண்டு நின்றதுதான். போன வருட எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும் எந்தப் பகுப்பாய்வும் இப்படிப்பட்ட சேர்க்கையில் ஏமாறும். 80 தொன் அளவு பிழையை விகிதம் காட்டிக்கொடுத்தது, 30 தொன் விகிதத்துக்குள் ஒளிந்துகொண்டது. இரண்டுமே பொருண்மை மட்டத்துக்கு மேலே.

மீளாய்வின் மட்டுப்படுத்தப்பட்ட உறுதிப்பாட்டுக்கும் கணக்காய்வின் நியாயமான உறுதிப்பாட்டுக்கும் இந்த ஆலையில் இருந்த வித்தியாசம் அந்த 600 மூடைதான். கணக்காய்வில் கிடைப்பது உயர்ந்த அளவு உறுதிப்பாடு, ஆனால் முற்றுமுழுதானது அல்ல. வியாபாரியும் ஆலைக்காரரும் பேசிவைத்துப் பொய்ப் பதில் அனுப்பியிருந்தால் நாங்களும் அதைக் கடந்து போயிருக்கக்கூடும். கூட்டுச் சதியைக் கணக்காய்வு பிடிக்கும் என்று யாரும் எழுதித் தர முடியாது.

தெரிந்து செய்ததா, தவறிச் செய்ததா என்ற கேள்வியையும் கணக்காய்வில் ஒதுக்கிவிட முடியாது. பெயர் எழுதாத ஐந்து சீட்டும் ஒருவர் கையெழுத்து, பெப்ரவரியில் சேர்ந்த புதுப் பையன். மற்ற நாள்களிலும் அவன் பல சீட்டில் பெயரை விட்டிருந்தான். இலாபத்தைக் கூட்டிக் காட்ட ஆலைக்காரருக்குக் காரணம் இருந்தது என்பதும் உண்மை. அதனால் மாதிரியை அகலமாக்கினோம், இயக்குநர் சபைக்கு எழுத்தில் தெரிவித்தோம், கடைசி இரண்டு மாதத்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் பார்த்தோம். வேறு எதுவும் இல்லை. கணக்கைத் திருத்தினார்கள், கணக்குகள் உண்மையானதும் நியாயமானதுமான தோற்றத்தைக் காட்டுகின்றன என்று மாற்றமில்லாத அபிப்பிராயம் கொடுத்தோம். திருத்த மறுத்திருந்தால், இலாபத்தை நட்டமாக்கும் பிழை என்பதால், நிபந்தனையுள்ள அல்லது பாதகமான அபிப்பிராயம் எழுத வேண்டி வந்திருக்கும்.

வங்கியின் புதுப் பட்டியல்

திருத்திய கணக்கு வங்கிக்குப் போனதும் அங்கே ஒரு கோபம். “உங்கட ஆள் ஓடிட் பண்ணிச் சரி எண்டாரே” என்று கிளை அதிகாரி கேட்டார். முதல் கணக்காளரின் அறிக்கையை முன்னால் வைத்து, அவர் எங்கே சரி என்று சொன்னார் என்று காட்டச் சொன்னேன். அப்படி ஒரு வரி இல்லை. எண்ணினேன், ஒப்பிட்டேன், இவ்வளவு கண்டேன் என்று மட்டும் இருந்தது.

அடுத்த பெரும்போகத்துக்கு வங்கிக்கு முழுக் கணக்காய்வு தேவையில்லை. அது எப்படியும் ஓகஸ்டில் வரும். ஏப்ரலில் இருப்பைப் பற்றி மட்டும் அறிய வேண்டும். அதற்கு உடன்பட்ட நடைமுறையே போதும், மலிவும் கூட, சரியான நடைமுறையைக் கேட்டால். அதிகாரி கேட்டபோது, அவர் பட்டியலில் சேர்க்க மூன்றைச் சொன்னேன். மார்ச் 31 க்கு முந்திய 60 நாளின் எல்லாத் தராசுச் சீட்டுகளையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வவுச்சரோ கடன்கொடுத்தோர் பதிவோ உண்டா என்று பார்த்து, இல்லாதவற்றைப் பட்டியலிட வேண்டும். கூலி அரைப்புப் புத்தகத்தில் மாத முடிவில் மிச்சமுள்ள மூடைகளை எண்ணிக்கையிலிருந்து தனியாகக் காட்ட வேண்டும். அந்த வருடம் கூலிக்கு அரைக்கக் கொடுத்த வியாபாரிகள் எல்லோரிடமும் இருப்பு உறுதிப்படுத்தல் கடிதம் நேரடியாகப் பெற்று, பதிலை அப்படியே இணைக்க வேண்டும்.

“இருப்பு ஆலைக்குச் சொந்தமா என்று பரிசீலிக்கவும்” என்று ஒரே வரியில் எழுதினால் என்ன என்று அதிகாரி கேட்டார். அந்த வரியை எந்தக் கணக்காளரும் ஏற்கக் கூடாது. பரிசீலித்தல் என்றால் எவ்வளவு, எதை, எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாது. செய்து முடித்த பின் எழுதுவதும் முடிவு மாதிரி ஆகிவிடும். இரண்டு கணக்காளர்கள் தனித்தனியாகச் செய்தாலும் ஒரே கண்டறிதல் வரும் அளவுக்கு வரி தெளிவாக இருக்க வேண்டும். அதிகாரி கொஞ்சம் யோசித்து, 60 நாளை 90 ஆக்கினார். தை அறுவடையும் அதற்குள் வந்துவிடும் என்பது அவர் கணக்கு.